கரப்பான் குழந்தைக்கு முட்டையும் கடலையும்

கைக்குழந்தைக்குக் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் வந்துவிட்டால், அந்த வீட்டில் விலக்க வேண்டிய சாப்பாட்டின் பட்டியலும் கூடவே வந்துவிடுகிறது. கத்திரிக்காய், கருவாடு, முட்டை, வேர்க்கடலை. பாட்டி சொல்கிறார், பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், சில இடங்களில் டாக்டரே சொல்கிறார்: "ஒரு வயசு முடியட்டும்மா, அப்புறம் முட்டை கொடுத்துக்கலாம்." அக்கறையில் சொல்வதுதான். ஆனால் முட்டை, வேர்க்கடலை இரண்டைப் பொறுத்தவரை மருத்துவம் இந்த அறிவுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வெகு காலம் ஆகிறது. கரப்பான் உள்ள குழந்தைக்குத்தான் இவை இரண்டையும் தள்ளிப்போடாமல் கொடுக்க வேண்டும் என்பதே இன்றைய நிலை.

பழைய அறிவுரை நம் ஊரில் மட்டும் இருந்ததல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2000-ஆம் ஆண்டில், அலர்ஜி வரும் வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு இரண்டு வயது வரை முட்டையும் மூன்று வயது வரை வேர்க்கடலையும் வேண்டாம் என்று எழுதிவைத்தது. அப்படியும் அலர்ஜி குறையவில்லை. 2008-இல் அந்தச் சங்கம், தள்ளிப்போடுவதால் பயன் உண்டு என்பதற்குச் சான்றில்லை என்று தன் பேச்சை மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு லண்டனைச் சேர்ந்த கிடியன் லாக் என்ற அலர்ஜி மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு ஒப்பீட்டை வெளியிட்டார்கள். பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளிடம் இருந்த வேர்க்கடலை அலர்ஜி, இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளைவிடப் பத்து மடங்கு அதிகம். இஸ்ரேலில் பல் முளைக்கும் வயதிலேயே குழந்தை கையில் 'பம்பா' என்ற கடலைப் பொரியைக் கொடுத்துவிடுவார்கள், அது வாயில் வைத்ததும் கரையும். பிரிட்டனில் அந்த வயதுக் குழந்தைக்குக் கடலையைக் கண்ணில் காட்டுவதில்லை.

லாக் இதைச் சோதித்துப் பார்த்தார். கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இரண்டுமோ இருந்த 640 குழந்தைகளை, நான்கு மாதம் முதல் பதினொரு மாதத்துக்குள், இரண்டு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று முறையாவது வேர்க்கடலை, மற்றப் பிரிவுக்கு ஐந்து வயது வரை அறவே கூடாது. 2015-இல் முடிவு வந்தது. தொடக்கத்தில் தோல் சோதனையில் கடலைக்கு எதிர்வினை காட்டாத குழந்தைகளில், தவிர்த்தவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்குக் கடலை அலர்ஜி வந்திருந்தது. சாப்பிட்டவர்களில் இரண்டு பேருக்கு. அதே பிள்ளைகளைப் பதின்பருவம் வரை தொடர்ந்து பார்த்ததில், பலன் அப்படியே நின்றதாக 2024-இல் தெரிவித்தார்கள்.

இது ஏன் இப்படி என்பதற்கு விடை வயிற்றில் இல்லை, தோலில் இருக்கிறது. நல்ல தோல் ஒரு சுவர். கரப்பான் உள்ள தோலில் அந்தச் சுவர் விரிசல் விட்டிருக்கிறது. வீட்டுத் தூசியில், பெரியவர்களின் கைகளில், படுக்கை விரிப்பில் உணவின் புரதத் துகள்கள் இருந்துகொண்டேதான் இருக்கும். அவை விரிசல் வழியாக உடலுக்குள் போகும்போது, அங்கே காவலுக்கு நிற்கும் செல்கள் அவற்றைப் பகையாளி என்று குறித்துக்கொள்கின்றன. அதே புரதம் வாய்வழியாகக் குடலுக்குப் போனால் உடல் அதை உணவு என்று ஏற்றுக்கொள்ளப் பழகுகிறது. குழந்தைக்குச் சாப்பிடக் கொடுக்காமல் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் தோல் வழிப் பாடம் மட்டும் நடந்துகொண்டிருக்கிறது. தமிழ்ச் சமையலறையில் கடலைச் சட்னியும் வறுகடலையும் இல்லாத வாரம் ஏது?

இங்கே நம் ஊருக்கென்று ஒரு விஷயம் உண்டு. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது நம் வழக்கம். லாக் குழுவினர் 2003-இலேயே, கடலை எண்ணெய் கலந்த களிம்புகளை வெடித்த தோலில் பூசப்பட்ட குழந்தைகளிடம் பின்னாளில் கடலை அலர்ஜி கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் புரதம் மிச்சமிருக்கும். ஆகவே கரப்பான் உள்ள குழந்தையின் உடம்பில் கடலை எண்ணெய் தேய்க்க வேண்டாம். முட்டை வெள்ளைக்கருவைப் பூசும் வைத்தியமும் வேண்டாம். குழந்தையைத் தூக்கும் முன் கடலை உரித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் நல்லது.

முட்டைக் கதை இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் அதில் ஒரு தோல்வியும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கரப்பான் குழந்தைகளுக்கு வேகாத முட்டைப் பொடியைக் கொடுத்துப் பார்த்தார்கள். பத்தில் மூன்று குழந்தைகளுக்கு அந்தப் பொடிக்கே அலர்ஜி வந்துவிட்டது. ஜப்பானியர் வேறு வழியில் போனார்கள். முதலில் கரப்பானுக்குச் சரியாக மருந்திட்டுத் தோலை ஆற்றினார்கள். பிறகு ஆறு மாதத்திலிருந்து, நன்றாகச் சூடாக்கிய முட்டைப் பொடியைத் தினமும் மிகச் சிறிய அளவில் கொடுத்தார்கள். எவ்வளவு சிறியது என்றால், அவித்த முட்டை ஒன்றை இருநூற்றைம்பது பங்காக வெட்டினால் அதில் ஒரு பங்கு. ஒன்பது மாதத்துக்குப் பிறகுதான் அதை ஐந்து மடங்காக்கினார்கள். ஒரு வயதில் பார்த்தபோது, முட்டை சாப்பிடாத பிரிவில் நூற்றுக்கு 38 குழந்தைகளுக்கு முட்டை அலர்ஜி. சாப்பிட்ட பிரிவில் 8. வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். முடிவு 2017-இல் வெளியானது.

நமக்கு இதில் மூன்று செய்தி இருக்கிறது: தோலை முதலில் ஆற்று, முட்டையை நன்றாக வேகவை, கொஞ்சத்தில் தொடங்கு. ஆம்லெட்டும் அரைவேக்காடும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நம் வீடுகளில் இன்னொரு பழக்கமும் உண்டு: முதலில் மஞ்சள் கரு, ஒரு வயதுக்குப் பிறகு வெள்ளைக்கரு. அலர்ஜி தரும் புரதங்கள் பெரும்பாலும் வெள்ளைக்கருவில்தான் இருக்கின்றன. மஞ்சள் கருவை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால், உடல் பழக வேண்டிய பொருளை விட்டுவிட்டு மற்றதைக் கொடுத்ததாக ஆகிவிடும். இரண்டையும் சேர்த்தே மசித்துக் கொடுக்க வேண்டும்.

எல்லாக் கரப்பானும் ஒன்றல்ல. கன்னம் வறண்டு, குளிர்காலத்தில் சிவந்து, ஈரப்பசை களிம்பிலேயே அடங்கிவிடும் குழந்தைக்கு முன்கூட்டிச் சோதனை எதுவும் வேண்டியதில்லை. ஆறு மாதம் முடிந்ததும் வீட்டிலேயே தொடங்கலாம். ஆனால் உடம்பில் பல இடங்களில் கரப்பான் பரவி, ஸ்டீராய்டு களிம்பை நிறுத்தினால் உடனே திரும்பி வந்து, தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு அரிப்பு இருக்கும் குழந்தைக்கு நான்கைந்து மாதத்திலேயே குழந்தை மருத்துவரிடமோ அலர்ஜி மருத்துவரிடமோ கேட்டுவிட வேண்டும். ஏற்கெனவே முட்டைக்கு எதிர்வினை வந்த குழந்தைக்கும் இதுதான். அவர்களுக்குத் தோலில் ஒரு துளி விட்டுக் குத்திப் பார்க்கும் சோதனை செய்து, தடிப்பின் அளவைப் பார்த்து, வீட்டில் கொடுக்கலாமா, கிளினிக்கில் உட்கார்ந்து கொடுக்க வேண்டுமா, கொடுக்கவே கூடாதா என்று முடிவு செய்வார்கள்.

இந்தக் குறிப்பிட்ட சோதனை வேறு, லேப்களில் விற்கும் 'முப்பது உணவு அலர்ஜி பேக்கேஜ்' வேறு. கரப்பான் குழந்தையின் ரத்தத்தை அப்படிச் சோதித்தால் பால், கோதுமை, முட்டை, கடலை என்று எதிர்ப்பான்கள் வரிசையாகத் தென்படும். எதிர்ப்பான் இருப்பது மட்டும் அலர்ஜி ஆகாது. கர்நாடகப் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஏதோ ஓர் உணவுக்கு எதிர்ப்பான் இருந்தது. அலர்ஜி என்று கருதத்தக்கவர்கள் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேர்தான். தாளில் வந்த சிவப்பு எழுத்தை நம்பி, பிரச்சினையில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த உணவை நிறுத்தினால், பழகியிருந்த உடல் அந்தப் பழக்கத்தை இழந்து உண்மையான அலர்ஜி வரக்கூடும். இந்தப் பேக்கேஜ்களில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒரு குழந்தையை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஆறரை மாதம், ஏழரை கிலோ, லேசிலிருந்து நடுத்தரம் வரையான கரப்பான். டாக்டர் கொடுத்த களிம்பு போட்டு இரண்டு வாரமாகத் தோல் அமைதியாக இருக்கிறது. ராகிக் கூழும் பருப்புச் சாதமும் பழகிவிட்டது. இந்தப் பழக்கம் முக்கியம். வாழ்க்கையின் முதல் திட உணவாக முட்டையைக் கொடுக்க வேண்டாம்.

நாளை முட்டை. குழந்தைக்குச் சளி, காய்ச்சல் இல்லை, அந்த வாரம் தடுப்பூசியும் போடவில்லை. நேரம் காலை பத்து மணி. ராத்திரியில் தொடங்கினால் தூங்கும் குழந்தையைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. முட்டையைக் கொதிக்கும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் அவித்து, இரண்டு கருவையும் சேர்த்து மாவுபோல மசித்து, தாய்ப்பாலிலோ வெந்நீரிலோ குழைக்க வேண்டும். வாயைச் சுற்றி வாஸ்லின் தடவிவிட்டால் எச்சிலும் உணவும் பட்டு வரும் வெறும் சிவப்பு நம்மைக் குழப்பாது. கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பது, கையில் தடவிப் பார்ப்பது எல்லாம் வேண்டாம். வாய்க்குப் போக வேண்டியதைத் தோலுக்குக் கொடுப்பது அது. பத்து நிமிடத்தில் ஒன்றுமில்லை என்றால் கால் டீஸ்பூன். அன்றைக்கு அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் குழந்தையை விழித்திருக்க வைத்து, கண்ணெதிரே வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தடுத்த நாட்களில் அரை டீஸ்பூன், ஒரு டீஸ்பூன் என்று ஏற்றி, சில வாரங்களில் வாரத்துக்கு ஒரு சிறிய முட்டை, இரண்டு மூன்று தவணையாக, என்ற அளவுக்குக் கொண்டுவந்தால் போதும்.

முட்டை சில நாட்கள் ஒத்துக்கொண்ட பிறகு வேர்க்கடலை. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால், தடிப்பு வந்தால் எது காரணம் என்று தெரியாது. கடலையை வறுத்து, தோலை ஊதிவிட்டு, சுருங்கியதையும் பூஞ்சை மணம் வருவதையும் பொறுக்கி எறிந்து, எண்ணெய் விட்டு விழுதாகும் வரை மிக்ஸியில் அரைக்க வேண்டும். விரலில் நெருடக் கூடாது. விழுதை அப்படியே கொடுத்தால் அண்ணத்தில் ஒட்டி மூச்சடைக்கும். இரண்டு டீஸ்பூன் விழுதுக்கு இரண்டு மூன்று டீஸ்பூன் வெந்நீர் விட்டுக் கரைத்து, ஆறவைத்து, கூழில் கலக்கலாம். முழுக்கடலையும் உடைத்த கடலையும் ஐந்து வயதுவரை கூடாது, அது அலர்ஜிக்காக அல்ல, மூச்சுக்குழலில் சிக்கும் என்பதற்காக. கடலையை வேகவைத்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். வேகும்போது புரதத்தில் ஒரு பகுதி தண்ணீருக்குப் போய்விடுகிறது. லாக் சோதித்ததும் வறுத்த கடலையில் செய்த உணவுகளையே. கடையில் வாங்கும் பீனட் பட்டர் என்றால் தேன் சேர்த்ததை ஒரு வயதுக்குள் தொடவே கூடாது.

முதல் நாள் முறை முட்டைக்குச் சொன்னதேதான். போகப்போக எட்ட வேண்டிய அளவு, ஒரு வேளைக்கு மட்டமாக இரண்டு டீஸ்பூன் விழுது, வாரம் மூன்று முறை. நான்கு நாள் கொடுத்துவிட்டு, பாதுகாப்பு என்று தெரிந்ததும் மறந்துவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. தொடர்ந்து கொடுத்தால்தான் பலன். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வாரத்தில் ஒரு டீஸ்பூனாவது இட்லியோடு உள்ளே போனால் சரி. முட்டையே சமைக்காத வீட்டில் குழந்தைக்காக முட்டை வாங்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் நுழையாத புரதம் தோலையும் தொடாது. கடலைக்கு அந்த விலக்கு கிடையாது.

இனி அலர்ஜி வந்தால் எப்படித் தெரியும்? உண்மையான உடனடி அலர்ஜி பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களில் தொடங்கும், அதிகம் போனால் இரண்டு மணி நேரம். முதலில் தோலில்தான் பெரும்பாலும் தெரியும். உணவு படாத இடங்களில், வயிற்றில், முதுகில், தொடையில், கொசு கடித்ததுபோல் நடுவில் வெளுத்து ஓரம் சிவந்த தடிப்புகள் எழும்பும். காணாக்கடி என்கிறோமே, அதுதான். உதடு, கண் இமை, காது வீங்கலாம். வாயைச் சுற்றி மட்டும் தட்டையாகச் சிவந்து அரை மணியில் மறைவது பெரும்பாலும் உணவு பட்ட எரிச்சல். தக்காளி ரசம் பட்டாலும் அப்படித்தான் சிவக்கும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ கரப்பான் கொஞ்சம் கூடியது என்பதை மட்டும் வைத்து முட்டையை நிறுத்தவும் வேண்டாம். கரப்பான் ஏறுவதும் இறங்குவதும் அதன் இயல்பு.

சில தடிப்புகள் மட்டும், குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறது என்றால் உணவை நிறுத்திவிட்டு, டாக்டருக்குப் போன் செய்து, அவர் சொல்லும் அலர்ஜி சிரப்பைக் கொடுத்து உற்றுக் கவனிக்கலாம். மறுபடி டாக்டரைப் பார்க்காமல் அந்த உணவைத் தொடக் கூடாது.

ஆபத்து வேறு முகத்தோடு வரும். தொண்டை அடைக்கிறது, தலை சுற்றுகிறது என்று கைக்குழந்தை சொல்லாது. அழுகைக் குரல் திடீரென்று கரகரத்துப்போகும், அல்லது மெலிந்துபோகும். விடாமல் இருமும். மூச்சில் விசில் சத்தம் கேட்கும், விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளிழுக்கும். வழக்கத்துக்கு மீறி எச்சில் வழியும், நாக்கைத் துருத்தும். தடிப்போடு சேர்ந்து திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கும். சில குழந்தைகள் காரணமில்லாமல் வீறிட்டு அம்மாவைக் கட்டிக்கொள்ளும். பிறகு வெளிறி, துணிபோலத் துவண்டுவிடும். சாப்பிட்டதும் தூங்கிவிட்டான் என்று நினைத்துவிடும் இடம் இதுதான். தட்டினால் வழக்கம்போல் விழிக்கிறதா, கழுத்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சுத் திணறலோ துவளலோ தடிப்பே இல்லாமலும் வரலாம். இதில் எது தெரிந்தாலும் 108.

ஆம்புலன்ஸ் வரும் வரை குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போட்டு உலாத்தக் கூடாது. ரத்த அழுத்தம் இறங்கும் நேரத்தில் உடம்பை நிமிர்த்தினால் நிலை சட்டென்று மோசமாகும். இரண்டு கைகளிலும் படுக்கைவசமாக ஏந்திக்கொள்ள வேண்டும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்து. வாயில் தண்ணீர், வசம்பு, சர்க்கரை எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டிய வாக்கியம் இது: "முட்டை கொடுத்து இருபது நிமிஷத்துல உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு இளைக்குது." அட்ரினலின் ஊசி போடுகிறீர்களா என்று கேட்பதில் தவறில்லை. இந்த நிலையில் உயிரைக் காக்கும் மருந்து அதுதான்; தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள், கிலோவுக்கு 0.01 மில்லி வீதம். நம் ஏழரை கிலோ குழந்தைக்கு 0.075 மில்லி. அலர்ஜி சிரப்பும் ஸ்டீராய்டு ஊசியும் துணைக்குத்தான்; அவற்றைப் போட்டுவிட்டு அட்ரினலினுக்குக் காத்திருந்தால் நேரம் போய்விடும்.

அபூர்வமாக வேறொரு வகை உண்டு. சாப்பிட்டு ஒரு மணியிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள், தோலில் எந்தத் தடிப்பும் இல்லாமல், வயிறு காலியான பிறகும் திரும்பத் திரும்ப வாந்தி. குழந்தை வெளிறிச் சோர்ந்துவிடும். முட்டையாலும் கடலையாலும் இது வரும். கெட்டுப்போன உணவு, வயிற்றுப்போக்கு என்று எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் மறுபடி கொடுத்து மறுபடி இதே நடக்கும்போதுதான் பலர் கண்டுபிடிக்கிறார்கள். தோல் சோதனையும் ரத்தச் சோதனையும் இதில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. இதற்கு முதல் தேவை நீர்ச்சத்து. அதனால் இதற்கும் ஆஸ்பத்திரிதான்.

எதிர்வினை வந்துவிட்டால் தடிப்பைச் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், டாக்டரிடம் போகும்போது அது மறைந்திருக்கும். எத்தனை மணிக்கு, எவ்வளவு, எப்படிச் சமைத்தது, எத்தனை நிமிடத்தில் என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதினால் பாதிச் சோதனை முடிந்த மாதிரி. ஊசி போட்டதும் குழந்தை சிரித்து விளையாடினாலும் உடனே வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம். அடங்கிய அலர்ஜி சில மணி நேரத்தில் திரும்ப எழும்புவது உண்டு, அதற்காகத்தான் வார்டில் வைத்துப் பார்க்கிறார்கள்.